ஐந்து நிமிடத்தில் காலியாகும் பாட்டில்

எதிர் வீட்டு ஆச்சிக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. பேத்திக்கு மூன்றரை மாதம். 150 மில்லி பாலை ஐந்தே நிமிடத்தில் குடித்து முடித்துவிடுவாள். "பாட்டிலக் காட்டுனாப் போதும், மடக் மடக்குன்னு ஒரே மூச்சுல இழுத்துருவா. அவ்வளவு பசி பிள்ளைக்கு" என்பார்.

குடித்த கால் மணி நேரத்தில் பிள்ளை பாதியைக் கக்கும். வயிறு மேளம் மாதிரி உப்பியிருக்கும். காலை மடக்கி மடக்கி அழும். அழுதால் பசி என்று இன்னொரு 60 மில்லி. அம்மா காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவாள். அலுவலகத்தில் இரண்டு முறை, வீட்டில் ஒரு முறை என்று பம்ப் வைத்துப் பால் எடுத்தும் நாளைக்கு 300 மில்லி தேறினால் அதிகம். பகலில் ஆச்சி கொடுப்பதோ நான்கு தடவை, தடவைக்கு 150. மீதிக்குப் பவுடர் பால் வந்துவிட்டது. "எனக்குப் பால் பத்தலை போலிருக்குக்கா" என்று ஒரு நாள் படியில் நின்று அந்தப் பெண் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது.

பால் பற்றாமல் போகவில்லை. பாட்டில்தான் அளவுக்கு மேல் வேகமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

இதை விளங்கிக்கொள்ள, பிள்ளையின் தொண்டைக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். பால் குடிக்கும் குழந்தை மூன்று வேலைகளை மாற்றி மாற்றிச் செய்கிறது: சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது. விழுங்கும் அந்த நொடியில் மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும். மூச்சு நின்றுதான் மறுபடி வரும். தாயிடம் குடிக்கும்போது இந்த மூன்றுக்கும் தாளம் பிசகாது. முதல் சில சப்பலுக்குப் பால் வராது. பிறகு பால் இறங்கும், பிள்ளை வேகமாக விழுங்கும், கொஞ்ச நேரத்தில் வரத்து குறையும், பிள்ளை இளைப்பாறும். சப்பினால்தான் பால், நிறுத்தினால் வரத்து தணியும்.

பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் இந்தத் தாளம் போய்விடுகிறது. பாலின் எடையே பாலைத் தள்ளும். சப்பினாலும் சப்பாவிட்டாலும் வாய்க்குள் ஒழுகும். வாய்க்குள் வந்த பாலைப் பிள்ளை விழுங்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். விழுங்குவது அதன் விருப்பம் இல்லை. மூச்சுக்குழலைக் காப்பாற்ற உடல் தானாகச் செய்யும் வேலை. ஆச்சி சொன்ன 'ஒரே மூச்சு' அப்படியே உண்மை. நடுவில் மூச்சு விட அந்தப் பிள்ளைக்கு இடமே கிடைக்கவில்லை. கிடைக்கிற சந்தில் அவசரமாக வாயைத் திறந்து இழுக்கும் காற்றும் பாலோடு வயிற்றுக்குப் போகிறது. வயிறு நிறைந்தது என்ற சேதி உடலுக்குள் உறைக்கச் சற்று நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் பாட்டிலே காலியானால், சேதி வந்து சேரும் முன்பே அளவு தாண்டியிருக்கும்.

ஆகவே வேகமாகக் குடிப்பதைப் பசிக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பசியைப் பாட்டில் வாய்க்கு வரும் முன்பே பார்க்கலாம்: தலையைத் திருப்பி வாயைத் திறந்து தேடும், கையை வாய்க்குள் திணிக்கும், நாக்கை நீட்டும். வாய்க்குள் பாட்டில் போன பிறகு தெரிவது பசியா, தற்காப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த வீட்டுச் சமையலறையில் நாங்கள் முதலில் பார்த்தது நிப்பிளைத்தான். மருந்துக்கடையில் பாட்டிலோடு வந்த சிலிக்கான் நிப்பிள். "பால் சரியா வரல, பிள்ள சிரமப்படுது" என்று பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆனபோதே ஆச்சி ஊசியைச் சுடவைத்து ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தார். நம் வீடுகளில் இது புதிதல்ல. என் அம்மாவும் செய்திருக்கிறார். பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்ததும் கோடாக ஒழுகியது. கடையில் இருப்பதிலேயே மெதுவான நிப்பிள் என்று கேட்டு வாங்கியதை மாட்டிக் கவிழ்த்தபோது சொட்டுச் சொட்டாக விழுந்து, பிறகு மெல்ல நின்றது. இது சரியான அளவுகோல் இல்லை, குழந்தை சப்பும்போது வரும் வேகம் வேறு. ஆனால் சப்பாமலே கோடாக ஒழுகும் நிப்பிளைச் சின்னக் குழந்தைக்கு வைக்கக் கூடாது என்பதற்கு இந்தச் சோதனை போதும்.

கடையில் நிப்பிள் கேட்டால் "எத்தனை மாசக் குழந்தைக்கு?" என்பார்கள். அட்டையில் 0+, 3+, 6+ என்றோ S, M, L என்றோ போட்டிருக்கும். இந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் S இன்னொன்றின் M ஆக இருக்கலாம். அமெரிக்காவில் செவிலியர் ஆராய்ச்சியாளரான பிரிட் பேடோஸ் குழுவினர், கடையில் விற்கும் பல நிப்பிள்களைப் பால் எடுக்கும் பம்பில் மாட்டி ஒரே மாதிரி உறிஞ்சவைத்துச் சோதித்தார்கள். 2016இல் வெளியான அந்த முடிவின்படி மிக மெதுவான நிப்பிளில் நிமிடத்துக்கு 2 மில்லிக்கும் குறைவாகவே வந்தது. மிக வேகமானதில் 80 மில்லிக்கு மேல். இதில் 'மெதுவானது' என்று பெயர் வைத்தவைகளுக்குள்ளேயே வித்தியாசம் பெரிது.

மூன்று மாதம் ஆனதும் 3+ நிப்பிளுக்கு மாற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தாயின் மார்பு மாதத்துக்கு ஒரு முறை ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்வதில்லையே. மெதுவான நிப்பிளில் நிம்மதியாகக் குடிக்கும் பிள்ளையை அதிலேயே விட்டுவிடலாம். Y போல, கூட்டல் குறி போல வெட்டிய நிப்பிள்கள் கெட்டியான திரவத்துக்காகச் செய்தவை; சாதாரணப் பாலுக்கு அவை ஆகாது. அதில் ராகிக் கஞ்சியை ஊற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. கஞ்சி குடிக்கும் வயது வந்துவிட்டால் கரண்டியில் ஊட்டலாம், பாட்டில் வேண்டாம்.

வடிவத்தைப் பற்றி விளம்பரப் பேச்சு நிறைய. 'தாயின் மார்பு போலவே' என்று அட்டையில் எழுதியதை நம்பிக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நிப்பிளின் நுனியிலிருந்து அடிவரை சரிவு படிப்படியாக இருக்கிறதா? அப்படி இருந்தால் பிள்ளை வாயை அகலத் திறந்து அடிப்பாகம் வரை கவ்விக்கொள்ளும். உதடு சுற்றிலும் ஒட்டும். நுனி குச்சி மாதிரி நீண்டு, அடி திடீரென்று தட்டாக விரிந்தால், குச்சியை மட்டும் உதட்டைக் குவித்துச் சப்பும். ஓரத்தில் சந்து விழுந்து 'ச்சக் ச்சக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சந்து வழியாகவும் காற்று போகும்.

புது நிப்பிளை மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வேளையில் பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்தது, நிப்பிள் சப்பையாக ஒட்டிக்கொண்டது, பால் வரவில்லை, வீறிட்டு அழுதது. "நான் சொன்னேம்லா?" என்றார் ஆச்சி. பார்த்தால் பாட்டிலின் வளையத்தை மூச்சுப் பிடித்து இறுக்கியிருக்கிறார். பால் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் பாட்டிலுக்குள் வெற்றிடம் உண்டாகி நிப்பிள் ஒட்டிப்போகும். வளையத்தை ஒரு நூல் தளர்த்தியதும் குமிழி உள்ளே ஏறியது, பாலும் வந்தது. 'ஆன்டி காலிக்' என்று விற்கும் பாட்டில்களில் இருக்கும் குழாயும் துவாரமும் இதே காரியத்தைத்தான் செய்கின்றன. அவை வெற்றிடத்தைக் குறைக்கும். கொடுக்கிறவர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடிப்பதை அவை சரி செய்யாது.

இனி கொடுக்கும் முறை. ஆங்கிலத்தில் 'பேஸ்டு ஃபீடிங்' என்பார்கள். பிள்ளையின் வேகத்துக்குக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். தாய்ப்பால் ஆலோசகர் டீ காசிங் 2002இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது.

ஆச்சிக்குப் பழக்கமான இருப்பு வேறு. தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, காலின் மேல் பிள்ளையை மல்லாக்கப் போட்டு, மேலிருந்து ஊற்றுவது. சங்கிலும் பாலாடையிலும் கொடுத்த நாளிலிருந்து வந்த கை அது. மல்லாந்த பிள்ளைக்கு மேலே பாட்டில் செங்குத்தாக நின்றால் அருவி மாதிரிதான் விழும். அதனால் முதலில் உட்காரும் விதத்தை மாற்றினோம். ஆச்சி சுவரில் சாய்ந்துகொண்டார். பிள்ளை அவர் மடியில், கிட்டத்தட்ட நிமிர்ந்து. முதுகும் கழுத்தும் இடது முழங்கையின் தாங்கலில்.

நிப்பிளை நேராக வாய்க்குள் நுழைப்பது இல்லை. நுனியால் மேலுதட்டை லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளை வாயை அகலத் திறந்து நாக்கைத் தாழ்த்தும். அப்போது அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளட்டும். பாட்டில் தரைக்குப் படுக்கையாக இருக்க வேண்டும். நிப்பிளின் நுனிப் பக்கம் பால் நிற்கும் அளவுக்கு மட்டும் ஒரு சிறு சாய்வு போதும். "நிப்பிள் முழுக்கப் பால் நிக்கணும், இல்லேன்னா காத்து போயிரும்னுதான் அந்தக் காலத்து நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றார் ஆச்சி. அவர் சொல்வதில் பாதி சரி. நுனியில் பால் இல்லாமல் வெறும் காற்றைச் சப்பவிடக் கூடாது. ஆனால் நிப்பிளை நிரப்புவதற்காகப் பாட்டிலைக் கவிழ்த்தால், வேகம் கூடிப் பிள்ளை அவசரத்தில் விழுங்கும் காற்று அதைவிட அதிகம். பால் குறையக் குறையச் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டால் இரண்டுக்கும் பொருந்திவரும்.

பிறகு இடைவெளி. ஐந்தாறு முறை விழுங்கியதும், அல்லது இருபது முப்பது நொடி ஆனதும், பாட்டிலின் அடியைத் தாழ்த்த வேண்டும். நிப்பிள் வாயிலேயே இருக்கும். பால் மட்டும் பின்னால் இறங்கிவிடும். பிள்ளை இரண்டு மூன்று மூச்சு விடும். மறுபடி தானாகச் சப்பத் தொடங்கினால் பாட்டிலைப் பழைய நிலைக்கு உயர்த்தலாம். நடுவில் ஒரு முறை பிள்ளையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டால் தாயிடம் பக்கம் மாறுவது போல அதுவும் ஒரு இடைவேளை. கடிகாரம் பார்த்து நிறுத்துவதைவிட முகம் பார்த்து நிறுத்துவது மேல். கண் அகல விரிவது, புருவம் சுருங்குவது, விரல்கள் விறைத்து விரிவது, உதட்டோரம் பால் வழிவது, 'மடக்' என்று சத்தம் கேட்பது, தலையைப் பின்னுக்கு இழுப்பது, இருமுவது: இதில் எது தெரிந்தாலும் பாட்டில் உடனே தாழ வேண்டும். முன்பு தலையைப் பின்னுக்கு இழுத்தால் ஆச்சி பாட்டிலோடு கூடவே போவார். "விளையாடுதா" என்பார்.

இப்படிக் கொடுத்தால் ஒரு வேளைப் பாலுக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். அரை மணிக்கு மேல் இழுத்துக்கொண்டே போனாலோ, நிறையச் சப்பி ஒரே ஒரு முறை விழுங்கினாலோ, பாதியிலேயே களைத்துத் தூங்கினாலோ நிப்பிள் அந்தப் பிள்ளைக்கு மிக மெதுவாக இருக்கிறது. ஓர் அளவு கூட்டிப் பார்க்கலாம். வேகமான பாட்டிலுக்குப் பழகிய பிள்ளை முதல் இரண்டு மூன்று நாள் கோபித்துக்கொள்ளவும் செய்யும். அதையும் மிக மெதுவான நிப்பிளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டாலும் பால் இறங்கிக்கொண்டிருந்தால் பழகிவிடும்.

எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கு அடுத்தது. ஒரு மாதம் தாண்டிய குழந்தைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி என்பது தோராயக் கணக்கு. எதிர் வீட்டுப் பிள்ளையின் எடை 5.6 கிலோ. 24 மணி நேரத்துக்கு 840 மில்லி, மணிக்கு 35. அம்மா இல்லாத ஒன்பது மணி நேரத்துக்கு 315. ஆச்சி கொடுத்துக்கொண்டிருந்தது 600. பகலில் இரண்டு பங்கு குடித்துவிட்டுப் பிள்ளை இரவில் தாயிடம் சரியாகக் குடிக்காது. குடிக்காததால் பால் ஊறுவது குறையும். குறைந்ததைப் பார்த்து அந்தப் பெண் பால் பற்றவில்லை என்று நினைத்தாள். 315க்கு எதிரே அவள் எடுத்துவந்த 300ஐ வைத்துப் பார்த்தால் பற்றாக்குறை என்பது ஒரு கரண்டிப் பால்தான். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவள் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கணக்கு வழிகாட்டத்தான். பிள்ளை இன்னும் கேட்டால் கொடுக்க வேண்டும். பட்டினி போடுவது இந்த முறையில் இல்லை. 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பாட்டிலின் அளவும் நம்மை ஏமாற்றும். 240 மில்லி பாட்டிலில் 80 மில்லி ஊற்றினால் கொஞ்சூண்டு போலத் தெரிகிறது, கை தானாக இன்னும் சாய்கிறது. இரண்டு மாத வயதில் 180 மில்லியோ அதற்குப் பெரியதோ ஆன பாட்டிலில் பவுடர் பால் குடித்த குழந்தைகள், சின்னப் பாட்டிலில் குடித்தவர்களைவிட ஆறாம் மாதத்தில் சுமார் 200 கிராம் கூடுதலாக எடை போட்டிருந்ததாக 2016இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 2010இல் வந்த இன்னொரு ஆய்வு, முதல் ஆறு மாதத்தில் தாயிடம் மட்டுமே குடித்தவர்களில் 27 சதவீதம் பேர்தான் பிற்பாடு பாட்டிலையோ கோப்பையையோ முழுக்கக் காலி செய்தார்கள் என்றும், பாட்டிலில் மட்டும் குடித்தவர்களில் அது 68 சதவீதம் என்றும் கண்டது. பாட்டிலுக்குள் இருந்தது தாய்ப்பாலா பவுடர் பாலா என்பது இதில் பெரிய விஷயமாக இல்லை. பாட்டிலில் மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது, கொடுக்கிறவருக்கு அதை முடிக்க வேண்டும் போலிருக்கிறது. மார்பில் எவ்வளவு மிச்சம் என்று யாரும் பார்ப்பதில்லை.

ஏப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டித் தட்டி ஏப்பம் எடுத்தால்தான் ஆச்சிக்கு நிம்மதி. சண்டிகரில் 71 தாய் சேய் ஜோடிகளை மூன்று மாதம் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், தட்டி ஏப்பம் எடுத்தவர்களின் பிள்ளைகள் அழுவது குறையவில்லை. பால் கக்குவது கூடத்தான் செய்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஏப்பமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே போன காற்றை அடித்து வெளியேற்றுவதைவிட உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது எளிது என்று மட்டும் ஆச்சியிடம் சொன்னேன். குடித்தபின் பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்தால் வருவது வரும்.

இவ்வளவும் செய்தும் கக்கும் பிள்ளைகள் உண்டு, மாலையில் காரணமின்றி அழும் பிள்ளைகளும் உண்டு. எல்லா அழுகையும் காற்றால் வருவதில்லை. பச்சையாக வாந்தி எடுத்தாலோ, தூரப் பீய்ச்சியடித்தாலோ, குடிக்கும்போது உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒவ்வொரு வேளையும் இருமினாலோ, எடை ஏறாவிட்டாலோ நிப்பிளை மாற்றிக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தத் தாளமே வந்திருக்காது. அவர்களுக்கு நிப்பிளையும் படுக்கவைக்கும் விதத்தையும் ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்வதுதான் சரி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் குழந்தை மருத்துவர்கள் பாட்டிலையே விரும்புவதில்லை. எடுத்து வைத்த பாலைப் பாலாடையிலோ சின்னக் கிண்ணத்திலோ கொடுக்கச் சொல்வார்கள். நிப்பிளின் மடிப்பிலும் பாட்டிலின் கழுத்திலும் தேங்கும் அழுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் என்பது அவர்கள் பயம்; அது நியாயமான பயம். பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2003இல் அது இன்னும் இறுக்கமானது. தேவையான சட்டம்தான். ஆனால் பாட்டிலைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் வாய் திறக்காததால், வேலைக்குப் போகிற பெண் கடைசியில் மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருகிறாள். அதை எப்படிப் பிடிப்பது என்று வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி செய்கிறார்கள். பாலாடைக்கும் இதே நிதானம் வேண்டும்: உதட்டில் வைத்துச் சாய்க்கலாம், பிள்ளை உறிஞ்சட்டும்; தொண்டைக்குள் ஊற்றக் கூடாது.

எதிர் வீட்டில் பத்து நாளில் பகல் பால் 330க்கு வந்து நின்றது. நான்கு வேளை, வேளைக்கு 80 சொச்சம். கக்குவது நாளைக்கு ஒன்றிரண்டு முறை என்று குறைந்தது. பவுடர் டின் அலமாரியில் மேல் தட்டுக்குப் போனது. ஆச்சிக்கு மட்டும் ஒரு மனக்குறை மிச்சமிருந்தது. பிள்ளை உதட்டைத் தளர்த்தி, கைமுட்டி விரிந்து, நாக்கால் நிப்பிளைத் தள்ளும்போது பாட்டிலில் 20 மில்லி நிற்கும். "பெத்தவ கஷ்டப்பட்டு எடுத்த பாலு. கீழ ஊத்த மனசு வருமா சொல்லு?" வாய் வைத்துக் குடித்த மிச்சத் தாய்ப்பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், பவுடர் பால் என்றால் ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அந்த மிச்சம் வீணாகிவிடுமே என்றுதான் அவர் கை இவ்வளவு நாளும் கடைசிச் சொட்டுவரை ஊட்டியிருக்கிறது.

இப்போது அம்மா பாலை 60 மில்லி, 30 மில்லி என்று சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறாள். ஆச்சி முதலில் 60ஐ ஊற்றுகிறார். பிள்ளை இன்னும் தேடினால்தான் 30 மில்லி டப்பாவைத் திறக்கிறார்.